பழைய தோட்டத்துப் படத்தைப் பெரிதாக்குதல்: எந்த முறை எதை இட்டுக்கட்டும், எப்படிக் கண்டுபிடிப்பது

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துப் பழைய படங்கள் பல இப்போது வாட்ஸ்அப்பில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. லயத்து வீடுகளை விட்டுத் தாமானுக்கு மாறியபோது ஆல்பங்கள் தொலைந்தன, சில ஈரத்தில் ஒட்டிப் போயின. யாரோ ஒருவர் கைபேசியில் எடுத்து வைத்த நகல் குழுவுக்குக் குழு சுற்றிச் சிறுத்துப் போன பிறகு, பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அந்த வேலையை முதல்முறை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படத்தைப் பெரிதாக்க இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே படத்தில் இல்லாத நுணுக்கத்தைச் சேர்க்கும். எங்கே சேர்த்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகுதான் எதை எந்த இடத்தில் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய முடியும். ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்க்கலாம்.

## முதலில் அளந்து பாருங்கள்

நாம் எடுத்துக்கொள்ளும் படம், தோட்டத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுப் படம். மூன்று வரிசை பிள்ளைகள், நடுவில் ஆசிரியர்கள், பின்வரிசை ஓரத்தில் ஆயாக் கொட்டகை ஆயாவும் சில அம்மாமார்களும். முன்வரிசைச் சிறுவன் கையில் ஒரு சிலேட்டு, அதில் சாக்கட்டியால் தோட்டத்தின் பெயரும் 1967 என்ற ஆண்டும். கோப்பின் அளவு 1280 × 853 பிக்சல்.

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன், அச்சுப் படம் எந்த வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆறங்குல அகலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலம் 3600 பிக்சல் கிடைக்கும். வாட்ஸ்அப் நகலில் 40 பிக்சல் அகலமாக இருக்கும் முகம் அதில் 112 பிக்சல் அகலமாக வரும். அது முழுவதும் உண்மையான தகவல். படங்களைப் பார்த்துப் பயின்ற எந்தக் கணினி மாதிரியாலும் அதைத் தர முடியாது. ஒரு மாமாவின் அலமாரிக்குள் அந்தப் படம் கிடந்தால் கீழே சொல்லும் வேலையில் பெரும்பகுதி தேவைப்படாது.

அச்சு கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். படத்தை நன்றாகப் பெரிதாக்கித் திரையில் பிக்சல்களை எண்ணுங்கள். முகம் 40 பிக்சல் அகலம் என்றால் ஒரு கண் சுமார் எட்டு பிக்சல். மனித முகம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலம், மூக்குத்தி நான்கு மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் மூக்குத்தி ஒரே ஒரு பிக்சல்தான். சிலேட்டு சுமார் 85 பிக்சல் அகலம், ஓர் எழுத்துக்குப் பத்து பிக்சல்கூட முழுதாக இல்லை, சாக்கட்டிக் கோடு ஒரு பிக்சல் தடிமன். 1967இல் கடைசி இலக்கம் 7ஆ 1ஆ என்பது அந்த ஒற்றைப் பிக்சல் மேல்கோட்டைப் பொறுத்தது.

இந்த எண்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கு மடங்கு பெரிதாக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் பதினாறாகிறது. ஒரு பிக்சல் மூக்குத்தியை 4 × 4 பிக்சலில் வரைய வேண்டிய இடத்தில் மாதிரிக்குப் பார்த்து எழுத ஒன்றும் இல்லை. ஊகித்துத்தான் எழுதும்.

## இரண்டு முறைகளும் எப்படி ஊகிக்கின்றன

வெறும் கணிதத்தால் பெரிதாக்கினால், அதாவது பைக்யூபிக் முறையில், படம் மங்கலாக வரும். பிழையை மட்டும் குறைக்கப் பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பும் கொஞ்சம் மங்கலாகத்தான் தரும். சாத்தியமான எல்லா விடைகளின் சராசரியை அது தருவதே காரணம். அந்த மங்கலைப் போக்கத்தான் இரண்டு முறைகளும் வந்தன.

முதலாவது அட்வர்சேரியல் முறை. இதைப் போட்டி முறை என்றே சொல்கிறேன். ஒரு வலையமைப்பு படத்தைப் பெரிதாக்கும், இன்னொன்று அது உண்மைப் படமா செய்த படமா என்று தீர்ப்புச் சொல்லும். இரண்டும் போட்டி போட்டுப் பயிற்சி பெறுகின்றன. 2018இல் ESRGAN, 2021இல் Real-ESRGAN என்று இது வளர்ந்தது. Real-ESRGAN மங்கல், இரைச்சல், அளவு மாற்றம், ஜேபெக் சுருக்கம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுற்று செயற்கையாகப் போட்டுக் கெடுத்த படங்களில் பயின்றது. வாட்ஸ்அப் நகல்களை அது தாங்கிக்கொள்வது அதனால்தான். வேலை நேரத்தில் தீர்ப்புச் சொல்லும் வலையமைப்பு இருக்காது. பெரிதாக்கும் வலையமைப்பு மட்டும் ஒரே ஒரு முறை ஓடும்.

இரண்டாவது டிஃப்யூஷன் முறை. வெறும் இரைச்சலில் தொடங்கி, சிறிய படத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படிப்படியாக இரைச்சலை நீக்கிப் படத்தை உருவாக்கும். StableSR, DiffBIR இரண்டும் 2023இல் வந்தவை. SUPIR 2024. இவை கோடிக்கணக்கான படங்களில் பயின்ற ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்து மாதிரிகளின் மேல் கட்டப்பட்டவை. கண் எப்படி இருக்கும், பட்டுச் சேலைக் கரை எப்படி இருக்கும் என்ற பெரிய நினைவு அவற்றுக்கு உண்டு. பலமும் ஆபத்தும் அந்த நினைவில்தான் இருக்கின்றன.

என் அனுபவத்தில், போட்டி முறையின் குறை பெரும்பாலும் அழிப்பது. கன்னத்துச் சுருக்கத்தை இரைச்சல் என்று எண்ணி மெழுகு போல வழித்துவிடும், இலைகளைத் தூரிகையால் தீட்டியது போலக் குழைத்துவிடும். சில இடங்களில் பலகைச் சுவரின் நேர்கோடுகளை நெளித்தும் விடும். டிஃப்யூஷனின் குறை சேர்ப்பது. சேர்த்தது அழகாகவும் இயல்பாகவும் இருக்கும். அதனால் கண்டுபிடிப்பது கடினம். நெளிந்த கோட்டை எவரும் பார்த்துவிடுவார்கள். ஆயாவின் முகத்துக்குப் பதில் வேறொரு நல்ல முகம் வந்தால், ஆயாவை அறியாதவருக்கு அது தெரியவே தெரியாது.

## போட்டி முறையை ஓட்டிச் சோதிப்பது

Real-ESRGANக்கு வல்கன் வழி இயங்கும் ஒரு சிறு நிரல் கிடைக்கிறது. பைத்தான் எதுவும் நிறுவத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸிலேயே ஓடும், கொஞ்சம் மெதுவாக. படத்தை `padam.png` என்று சேமித்துக்கொண்டு:

```
realesrgan-ncnn-vulkan -i padam.png -o g1.png -n realesrgan-x4plus -s 4
```

5120 × 3412 பிக்சலில் ஒரு படம் வரும். பார்த்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கும். அதை உடனே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இந்த மாதிரி ஒரே படத்துக்கு எப்போதும் ஒரே விடைதான் தரும். மீண்டும் மீண்டும் ஓட்டினாலும் மாறாது. அதனால் ஏதோ உறுதியாகத் தெரிந்து சொல்வது போலத் தோன்றும். அந்த உறுதியைச் சோதிக்க எளிய வழி, படத்தை இடவலமாகத் திருப்பிப் பெரிதாக்கி, மறுபடி திருப்பிப் பார்ப்பது. படத்தில் உண்மையாக இருக்கும் விவரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றாகவே வரும். ஊகமாக இருந்தால் ஆட்டம் காணும். கீழே வரும் `magick` கட்டளைகளுக்கு ImageMagick என்ற நிரல் வேண்டும்.

```
magick padam.png -flop m.png
realesrgan-ncnn-vulkan -i m.png -o m4.png -n realesrgan-x4plus -s 4
magick m4.png -flop g2.png
magick g1.png g2.png -compose difference -composite -evaluate multiply 4 gdiff.png
```

கடைசி வரி இரண்டின் வித்தியாசத்தை நான்கு மடங்கு வெளிச்சமாக்கிக் காட்டும். கறுப்பாக இருக்கும் இடங்களில் மாதிரி உறுதியாக இருக்கிறது. வெளிச்சமான இடங்களில் தடுமாறியிருக்கிறது. நம் படத்தில் முகத்தின் வெளிக்கோடு, தலைமுடி வகிடு, சட்டைக் காலர் எல்லாம் கறுப்பாகவே இருந்தன. கண்ணிமை ஓரமும் பின்னால் நின்ற பால் மரத்து இலைகளும் மினுங்கின. சிலேட்டு எழுத்துகள் எல்லாவற்றையும்விட வெளிச்சமாக இருந்தன. படத்தை ஒரு பிக்சல் நகர்த்திச் சோதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்த வகை வலையமைப்பில் படம் நகர்ந்தால் விடையும் அப்படியே நகரும், ஒன்றும் வெளிப்படாது. திருப்பிப் பார்ப்பதுதான் பயன்படும்.

கறுப்பாக இருந்தால் உண்மை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வழித்து அழித்த சுருக்கமும் இதில் கறுப்பாகத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க, படத்தைப் பைக்யூபிக் முறையில் நான்கு மடங்காக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பைத்தான் வழி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு நல்ல கருவி இருக்கிறது. அதே ஆசிரியர்கள் போட்டிப் பயிற்சி இல்லாமல் செய்த `RealESRNet_x4plus` என்ற மாதிரி. அது மங்கலாகவே தரும். அதையும் `g1.png`ஐயும் ஒப்பிட்டால், போட்டிப் பயிற்சி எதைக் கூட்டிக் கொடுத்தது என்று தனியாகத் தெரியும். அந்த நிரலில் `--face_enhance` என்று ஒரு தேர்வு உண்டு. குடும்பப் படத்துக்கு அதைப் போடாதீர்கள். முகங்களை மட்டும் இன்னொரு மாதிரியிடம் கொடுத்து, பயின்ற முகங்களின் நினைவிலிருந்து திருப்பி வரைந்து வாங்கும் வேலை அது. 40 பிக்சல் முகத்தில் அந்த நினைவுதான் ஜெயிக்கும்.

## டிஃப்யூஷனை ஓட்டிச் சோதிப்பது

இதற்குத் தனிக் கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். வேகத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 5120 × 3412 படத்தை 512 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தால் குறுக்கே 10, நெடுக்கே 7, மொத்தம் 70 கட்டம். கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். போட்டி முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வலையமைப்பு ஒரு தடவை ஓடினால் போதும். டிஃப்யூஷனில் 30 படி வைத்தால், வழிகாட்டுதலுக்காக ஒவ்வொரு படியும் இரண்டு தடவை ஓடும். ஆக 70 × 60, அதாவது 4200 தடவை. வலையமைப்பும் மிகப் பெரியது. ஒரு படம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஓர் ஆல்பம் முழுவதும் என்றால் இரவெல்லாம் கணினி ஓட வேண்டியிருக்கும்.

படிகளைக் குறைத்த மாதிரிகளும் வந்துவிட்டன. 2024இல் வந்த OSEDiff ஒரே படியில் முடிக்கிறது. ஆனால் அதனால் தீர்ந்தது நேரப் பிரச்சினை மட்டும்தான். பயின்ற நினைவிலிருந்து நிரப்பும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

பல படி மாதிரிகளில் நமக்கு உதவும் ஒரு நல்ல குணம் உண்டு. ஒவ்வொரு ஓட்டமும் வேறொரு இரைச்சலில் தொடங்குவதால் விடையும் மாறும். டிஃப்யூஷன் மாதிரிகளை ஓட்டும் `ComfyUI` நிரலைப் பயன்படுத்துபவர்கள் திரையில் `seed` என்ற பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மற்ற எதையும் மாற்றாமல் அதில் மட்டும் நான்கு வெவ்வேறு எண் போட்டு நான்கு படம் எடுங்கள். `denoise` மதிப்பு உள்ள அமைப்பாக இருந்தால் 0.2, 0.3 அளவில் தொடங்குங்கள். அது கூடக் கூட மாதிரி மூலப் படத்தை விட்டு விலகும். பிறகு இரண்டிரண்டாக முன் சொன்ன அதே வித்தியாசக் கட்டளையில் கொடுங்கள்.

நான்கு படமும் ஒத்துப்போகும் இடம் மூலப் படத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். ஒத்துப்போகாத இடம் நிச்சயம் இட்டுக்கட்டியது. நம் படத்தில் பின்வரிசை ஆயா இதற்குச் சரியான உதாரணம். ஒன்றில் மூக்குத்தி இல்லை. இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும். மூன்றாவதில் மூக்குத்தி நிழலாகிப் போய், நெற்றியில் மூலத்தில் தெரியாத ஒரு பொட்டு வந்திருந்தது. நான்காவதில் காதுக்கு ஜிமிக்கி. ஆயாவின் மகள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்க தம்பி. ஜிமிக்கி போட்டு நான் பார்த்ததே இல்ல." நான்கு முகமும் நம்பும்படியான முகங்கள். நான்கும் அவருடைய அம்மா இல்லை.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாதிரிகள் படத்தை நேராகக் கையாள்வதில்லை. முதலில் 8 × 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கிக்கொண்டு அதில்தான் வேலை செய்கின்றன. நான்கு மடங்காக்கிய படத்திலும் மூக்குத்தி நான்கு பிக்சல் அகலம்தான். அந்தக் கட்டத்தில் பாதி அகலம். `ComfyUI`இல் `VAE Encode`, `VAE Decode` இரண்டை மட்டும் இணைத்து, நடுவில் எதுவும் செய்யாமல், நான்கு மடங்காக்கிய பைக்யூபிக் படத்தை உள்ளே அனுப்பி வெளியே எடுத்துப் பாருங்கள். சிலேட்டு எழுத்தின் புள்ளிகளும் சுழிகளும் அதிலேயே குழம்பும். டிஃப்யூஷன் தொடங்குவதற்கு முன்பே போய்விடும் விவரம் அது. சிறிய தமிழ் எழுத்து உள்ள இடத்தில் இந்த முறையை நம்பவே வேண்டாம் என்று சொல்வேன்.

எழுத்தில் குறிப்புக் கொடுக்கும் பெட்டியைக் காலியாக விடுங்கள். சேலை, நகை, சிரிக்கும் இந்தியப் பெண் என்று எழுதினால் நகையும் சிரிப்பும் வரும். துல்லியம், உயர்தரம் என்று எழுதுவதுகூட, இல்லாத நுணுக்கத்தைக் கூப்பிட்டுக் கொண்டுவரும்.

## சுருக்கிப் பார்க்கும் சோதனை

பெரிதாக்கிய படத்தைத் திரும்ப 1280க்குச் சுருக்கினால் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு முறைக்கும் இதைச் செய்யலாம்:

```
magick g1.png -filter box -resize 25% back.png
magick padam.png back.png -compose difference -composite -evaluate multiply 4 rdiff.png
```

படம் முழுக்க மணல் தூவியது போல மெல்லிய புள்ளிகள் இருந்தால் கவலை வேண்டாம். மாதிரி நீக்கிய இரைச்சலும் ஜேபெக் கறையும்தான் அது. கண், வாய், தாடை வடிவம் கோடாகத் தெரிந்தால் அந்த உறுப்பு இடம் மாறியிருக்கிறது. அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். முகம் முழுவதும் சீராக வெளுத்துத் தெரிந்தால் நிறம் மாறியிருக்கிறது. டிஃப்யூஷனில் இது அடிக்கடி நடக்கும், அதனால்தான் StableSR போன்றவற்றில் நிறத்தைத் திரும்பச் சரிசெய்ய ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். நம் மக்களின் தோல் நிறம் வெளிறிப் போவதை நான் சிறிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வெயிலில் பால் வெட்டியவர்களின் படம் இது.

இந்தச் சோதனையில் தோற்ற படம் தவறானது என்று உறுதியாகச் சொல்லலாம். தேறிய படம் சரியானது என்று சொல்ல முடியாது. 2020இல் பல்ஸ் என்ற முறை வெளியானது. சுருக்கினால் கொடுத்த படத்தோடு ஒத்துப்போகும் ஒரு முகத்தைத் தேடிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தந்தது, பெரிய விவாதமும் எழுந்தது. அந்த முறை முகங்களை எடுத்தது போட்டிப் பயிற்சி பெற்ற ஒரு மாதிரியிடமிருந்து. எனவே முகத்தை மாற்றும் ஆபத்து டிஃப்யூஷனுக்கு மட்டும் உரியதல்ல. எந்த முறையாக இருந்தாலும், மூலத்தில் தகவல் குறையக் குறையப் பயின்ற முகங்களின் கை ஓங்கும்.

## இடத்துக்கு இடம் முடிவு செய்யுங்கள்

முழுப் படத்தையும் ஒரே முறையில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் படத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

அடிப்படையாக `g1.png`ஐ வைத்துக்கொள்கிறேன். அதன் மேல், நான்கு மடங்காக்கிய பைக்யூபிக் படத்தை GIMP என்ற படத்திருத்த நிரலில் இன்னோர் அடுக்காகப் போட்டு, முகங்கள் உள்ள இடத்தில் மட்டும் பாதி ஒளிபுகும்படி வைக்கிறேன். மெழுகுத் தோற்றம் குறையும், மூலத்தின் சாயல் திரும்பும். முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கல் உண்மையானது. ஆயாவின் இரண்டு மூக்குத்தியும் கூர்மையாக வராது, ஆனால் மூலத்தில் இருந்த இரண்டு வெளிச்சப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பின்னால் தெரியும் மரங்கள், தரைப் புல், பள்ளிக் கூரை ஆகியவற்றுக்கு டிஃப்யூஷன் படத்தை எடுத்துக்கொள்ளலாம். போட்டி முறை குழைத்த இலைகளைவிட அது கண்ணுக்கு இதமாக இருக்கும். ஓர் இலை கூடினாலும் குறைந்தாலும் யாருடைய அடையாளமும் மாறாது. கூரையில் தோட்டத்தின் பெயர்ப்பலகை இருந்தால் அந்தப் பலகையை மட்டும் விட்டுவிடுங்கள். சேலைக் கரை, தாலி, கழுத்து நகை எல்லாம் முகத்தோடு சேர்ந்தவை. அவற்றைத் தொட வேண்டாம்.

சிலேட்டு மூலப் படத்தின் பைக்யூபிக் வடிவத்திலேயே இருக்கட்டும். கடைசி இலக்கம் தெரியவில்லை என்றால் அந்தப் பள்ளியில் படித்தவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு ஆண்டு நினைவில்லாவிட்டாலும் எந்த வகுப்பில் எந்த ஆசிரியர் இருந்தார் என்பது நினைவிருக்கும், அதிலிருந்து ஆண்டைப் பிடித்துவிடலாம்.

எவ்வளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்பதையும் முன்பே கேளுங்கள். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும் என்றால், நான்கு மடங்குப் படத்தை இரண்டு மடங்காகச் சுருக்கி 2560 பிக்சலில் அச்சிட்டாலே அங்குலத்துக்கு 200 பிக்சலுக்கு மேல் வருகிறது. சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். சுருக்கும்போது ஊகித்த நுணுக்கத்தில் கொஞ்சம் தானாகவே அடங்கிவிடும். ஒரே ஆளின் முகத்தை மட்டும் வெட்டி அதே அளவில் அச்சிடக் கேட்டால்தான் சிக்கல். 40 பிக்சல் முகத்தில் அது நடக்காது என்று சொல்லிவிட்டு, அவருடைய பழைய அடையாள அட்டைப் படமோ கல்யாணப் படமோ இருக்கிறதா என்று கேட்பேன்.

குடும்பத்திடம் கொடுக்கும்போது மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கோப்புப் பெயரிலேயே எது மூலம், எது பெரிதாக்கியது என்று இருக்கட்டும். அச்சின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுகிறேன்: மரங்களும் தரையும் கூரையும் கணினி நிரப்பியவை, முகங்கள் பாதி கணினி கூர்மையாக்கியவை, சிலேட்டு பழைய படத்தில் இருந்தபடி. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை ஒருவர் இதையே எடுத்து மறுபடி ஸ்கேன் செய்யும்போது, எதை நம்பலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.